மிரட்டியது பையன் இல்லை, 24 எம்எம்

சில வருடங்களுக்கு முன் நண்பர்கள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தோம். ஒரே வீடு, ஒரு அம்மா, ஒரு பையன். பையன் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான், அதை அப்பாவிடம் நீயே சொல்லிவிடு என்று அம்மாவிடம் கெஞ்சுகிறான். அம்மா அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். பையன் நிலைப்படியில் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குப் பின்னால் கூடம், கூடத்தின் கடைசியில் தெருக்கதவு. அவ்வளவுதான் காட்சி.

அம்மாவின் குளோசப்பைக் கூடத்தில் இருந்து எடுத்தோம். இடம் தாராளமாக இருந்ததால் 85 எம்எம் லென்ஸ் போட்டுப் பின்னால் போய்விட்டோம். பையனுக்கு வரும்போது கேமரா அம்மா பக்கம், அதாவது அடுக்களைக்குள் வரவேண்டும். அங்கே முதுகுக்குப் பின்னால் சுவர், பக்கத்தில் கேஸ் சிலிண்டர். 85 போட்டால் பையனின் கண்ணும் மூக்கும் மட்டும்தான் ஃப்ரேமுக்குள் வந்தன. சரி, 24 போட்டுக் கிட்டே போய்விடலாம், முகம் அதே அளவு வந்தால் போதாதா என்று எடுத்து முடித்தோம். மானிட்டரில் இரண்டு முகமும் ஒரே அளவில் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எடிட் முடித்து ஒரு நண்பனிடம் காட்டினேன். பார்த்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி: "என்னடா, பையன் எதுக்கு அம்மாவை இப்படி மிரட்டுறான்?"

வசனத்தில் மிரட்டல் இல்லை. நடித்த பையனும் குரலை உயர்த்தவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து அளவெடுத்துப் பார்த்தேன். இந்தக் கட்டுரையில் இருப்பதெல்லாம் அந்த ஒரு ஷாட்டில் இருந்து கற்றுக்கொண்டதுதான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். 24 போன்ற சின்ன எண் உள்ள வைட் லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கும், 85 போன்ற பெரிய எண் உள்ள டெலி லென்ஸ் முகத்தைத் தட்டையாக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். கண்டிப்பாகச் சொன்னால் அது தவறு. லென்ஸ் செய்வது ஒரே வேலைதான், கேமரா நிற்கும் இடத்தில் இருந்து தெரியும் உலகத்தில் எவ்வளவு பகுதியை வெட்டி எடுப்பது என்று முடிவு செய்வது. மூக்கு பெரிதாவதும் பின்னணி கிட்டே வருவதும் கேமரா எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வைட் போட்டால் முகத்தை ஃப்ரேமில் நிரப்ப நாம் கிட்டே போக வேண்டியிருக்கிறது, டெலி போட்டால் தள்ளிப் போக வேண்டியிருக்கிறது. நாம் நகர்ந்ததால் வந்த மாற்றத்துக்குப் பழி லென்ஸ் மேல் விழுகிறது.

நம்பிக்கை வராவிட்டால் போனிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒருவரை நிற்கவைத்து, நீங்கள் இருக்கும் இடத்தை விட்டு அசையாமல் 1x-இல் ஒரு படம், 3x-இல் ஒரு படம் எடுங்கள். பிறகு 1x படத்தை மூன்று மடங்கு வெட்டிப் பெரிதாக்கி மற்றதோடு ஒப்பிடுங்கள். தெளிவு குறைந்திருக்கும், மூக்கு, காது, பின்னால் இருக்கும் ஜன்னல் எல்லாம் ஒன்றுக்கொன்று அதே அளவில்தான் இருக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும். வெளிச்சம் குறைவாக இருந்தாலோ ஆள் மிகக் கிட்டே இருந்தாலோ பல போன்கள் 3x என்று திரையில் காட்டிக்கொண்டே முதன்மை கேமராவின் படத்தைத்தான் வெட்டிக் கொடுக்கும். உண்மையிலேயே டெலி லென்ஸ் வேலை செய்கிறதா என்று பார்க்க, பின்னால் இருக்கும் லென்ஸ்களை ஒவ்வொன்றாக விரலால் மூடுங்கள், எதை மூடும்போது திரை இருட்டாகிறதோ அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, எங்கள் பையனுக்கு வருவோம். நாங்கள் எடுத்தது ஃபுல் ஃப்ரேம் கேமராவில், 16:9 வீடியோ. தலையும் தோளும் தெரியும் குளோசப், அதாவது மேலிருந்து கீழே ஏறக்குறைய அரை மீட்டர் உயரம் ஃப்ரேமுக்குள் இருக்கவேண்டும். அதற்கு 24 எம்எம் லென்ஸில் முகத்தில் இருந்து 60 செ.மீ. தூரத்தில் நிற்கவேண்டும். 85 எம்எம்மில் அதே அளவு முகம் வர 2.1 மீட்டர். (ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸ் எண்ணை ஒன்றரையால் வகுத்துக்கொள்ளுங்கள், 16-ம் 56-ம் வரும், தூரம் மாறாது.)

மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே சுமார் 12 செ.மீ. ஆழம் இருக்கிறது. கேமரா மூக்கில் இருந்து 60 செ.மீ.யில் இருந்தால் காது 72-இல் இருக்கிறது, அதனால் காதோடு ஒப்பிட மூக்கு 20 சதவீதம் பெரிதாகப் பதிவாகிறது. அதே முகம் 2.1 மீட்டரில் இருந்தால் மூக்கு 210, காது 222, வித்தியாசம் 6 சதவீதத்துக்கும் கீழே. 20 சதவீதம் என்பது கேலிச்சித்திரம் அளவுக்குப் போகாது, பார்ப்பவர் "மூக்கு பெரிசா இருக்கே" என்று சொல்லமாட்டார். ஆனால் முகம் கொஞ்சம் முன்னால் பிதுங்கி, கன்னம் பின்னால் ஓடி, காது ஒளிந்துகொண்டது போல ஆகிவிடும். தெரிந்த ஆள் தெரியாத ஆள் மாதிரி ஆகிவிடுவார். செல்ஃபியில் தன் முகம் தனக்கே பிடிக்காமல் போவதற்கும் இது ஒரு காரணம். 2018-இல் அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: 1.5 மீட்டரில் எடுத்ததோடு ஒப்பிட்டால், 30 செ.மீ.யில் எடுத்த படத்தில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது.

ஆனால் எங்கள் ஷாட்டைக் கெடுத்தது மூக்கு அல்ல. அசைவு.

கெஞ்சும்போது அந்தப் பையன் இயல்பாக ஒன்று செய்தான், "அம்மா, நீயே சொல்லும்மா" என்று சொல்லும் இடத்தில் கொஞ்சம் முன்னால் குனிந்தான். அதிகம் இல்லை, ஒரு சாண் கூட இருக்காது, 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 60-இல் இருந்த முகம் 45-க்கு வந்துவிட்டது. திரையில் அவன் தலை மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிவிட்டது! ஒரு விநாடிக்குள் ஒரு முகம் அந்த அளவு ஊதினால் பார்ப்பவர் உடம்பு தன்னாலே பின்னால் சாயும். இதே குனிதலை 2.1 மீட்டரில் இருந்து எடுத்திருந்தால் 210 என்பது 195 ஆகியிருக்கும், முகம் 8 சதவீதம்தான் வளர்ந்திருக்கும். குனிந்தான் என்று தெரியும், அவ்வளவுதான். நடிகர் செய்தது ஒன்றுதான். 60 செ.மீ.யில் அது பாய்ச்சல், 2.1 மீட்டரில் அது ஒரு தயக்கம்.

நெருக்கம் என்று சினிமாவில் சொல்லும்போது பலரும் குளோசப்பையே நெருக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். முகம் பெரிதாகத் தெரிவது வேறு, நாம் அந்த முகத்துக்குக் கிட்டே இருப்பது வேறு. கண்ணுக்கு இது தெரியும், வாயால் சொல்லத் தெரியாவிட்டாலும். 60 செ.மீ. தூரத்தில் நம் முகத்துக்கு எதிரே வருபவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். பெற்றவள், கட்டிக்கொண்டவர், குழந்தை, பல் டாக்டர், அப்புறம் சட்டையைப் பிடிக்க வந்தவன். இவர்களைத் தவிர வேறு யாரையும் அந்தத் தூரத்தில் நாம் விடுவதில்லை. 2 மீட்டர் என்பது டீக்கடை பெஞ்சின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உள்ள தூரம். அங்கிருந்து ஒருவர் முகத்தைக் கவனிக்கலாம், அவர் அழுவதைப் பார்த்துக் கலங்கலாம், ஆனால் அவர் மூச்சு நம் மேல் படாது. இன்னும் தள்ளி, 10 மீட்டருக்கு அப்பால் 400 எம்எம் போட்டு அதே குளோசப்பை எடுத்தால் அதில் ஒரு ஒளிந்து பார்க்கும் வாடை வந்துவிடும். முகம் திரை முழுக்க இருக்கும், நாம் மட்டும் எதிர் வீட்டு மாடியில் இருப்போம்.

2015-இல் வந்த 'தி ரெவனன்ட்' படத்தில் ஒளிப்பதிவாளர் இமானுவேல் லூபெஸ்கி வைட் லென்ஸோடு டிகாப்ரியோவின் முகத்துக்கு எவ்வளவு கிட்டே போனார் என்றால், குளிரில் அவர் விடும் மூச்சு லென்ஸ் கண்ணாடியில் புகையாகப் படிகிறது. வேறு யாராவது இருந்தால் டேக் வீண் என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். டெலி லென்ஸில் இப்படி ஒன்று நடக்க வழியே இல்லை.

இதன் எதிர்முனை 1962-இல் வந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'. பாலைவனத்தில் கானல் நீருக்குள் இருந்து நடிகர் ஓமர் ஷெரீஃப் ஒட்டகத்தில் வருகிற காட்சி. ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங் அதை 482 எம்எம் லென்ஸில் எடுத்தார். ஷெரீஃப் வந்துகொண்டே இருக்கிறார், ஒட்டகம் ஓடுவதும் தெரிகிறது, கிட்டே மட்டும் வரமாட்டேன் என்கிறார். காரணம் அதே கணக்கு. ஒருவர் 400 மீட்டர் தொலைவில் இருந்து 20 மீட்டர் முன்னால் வந்தால் உருவம் 5 சதவீதம்தான் வளரும். எங்கள் பையன் 15 செ.மீ. குனிந்து 33 சதவீதம் வளர்ந்தான், ஒட்டகம் 20 மீட்டர் ஓடியும் 5 சதவீதம். யார் அது, நண்பனா எதிரியா என்று தெரியாமல் காத்திருக்கும் தவிப்பு அந்த வளராத உருவத்தில் இருக்கிறது. வைட் போட்டு எடுத்திருந்தால் முதலில் ஒரு புள்ளி, கடைசி சில விநாடிகளில் சட்டென்று ஒரு ஆள், நடுவில் காத்திருக்க ஒன்றும் இருந்திருக்காது.

இனி பின்னணி. பையனுக்குப் பின்னால் 4 மீட்டரில் தெருக்கதவுச் சுவர் இருந்தது. 24 எம்எம்மில் எடுத்தபோது அந்தச் சுவரில் ஏறக்குறைய 7 மீட்டர் அகலம் ஃப்ரேமுக்குள் விழ வாய்ப்பு இருந்தது. கூடமே அவ்வளவு அகலம் கிடையாது. ஆகவே மொத்தக் கூடமும் உள்ளே வந்துவிட்டது: டிவி, பீரோ, கொடியில் காய்ந்த துண்டு, யாரோ கழற்றிப் போட்ட செருப்பு, ஓரத்தில் எங்கள் லைட் ஸ்டாண்டின் ஒரு கால். 85 எம்எம்மில் 2.1 மீட்டர் தள்ளி நின்று எடுத்திருந்தால் 2.6 மீட்டர் அகலம் மட்டும்தான் தெரிந்திருக்கும், கதவும் பக்கத்தில் தொங்கிய தினசரி காலண்டரும். அந்தக் கதவும் பையன் தலையோடு ஒப்பிட 2.6 மடங்கு பெரிதாகி அவன் முதுகில் சாய்ந்து நிற்பது போல ஆகியிருக்கும். டெலி ஆழத்தைச் சுருக்குகிறது என்பது இதைத்தான். தள்ளிப் போகப் போக கேமராவுக்கும் ஆளுக்கும் உள்ள தூரம், கேமராவுக்கும் கதவுக்கும் உள்ள தூரம் இரண்டும் சமத்தை நெருங்குகின்றன, அதனால் திரையில் தெரியும் அளவும் சமத்தை நெருங்குகிறது. சாலையில் எதிரே வரும் பஸ் ஹீரோவின் முதுகை உரசுவது போலக் காட்டுவதெல்லாம் இதை வைத்துத்தான், பஸ் பாவம் எங்கேயோ வந்துகொண்டிருக்கும்.

இதில் எது நல்லது என்று கேட்டால், கதை பையனும் வீடும் பற்றியதா, பையன் மட்டும் பற்றியதா என்று நான் திருப்பிக் கேட்பேன். ஆள் அந்த வீட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று காட்ட வைட் நல்ல கருவி, ஏனென்றால் வீடு முழுக்கக் கூடவே வரும். கதவு அவனைக் கூப்பிடுகிறது, இப்போதே எழுந்து போய்விடுவான் என்று காட்ட டெலி நல்லது, கதவு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும்.

அடுத்து நான் மிகவும் ஏமாந்த இடம். பின்னணியை மங்கலாக்க டெலி போடு, எல்லாம் ஃபோகஸில் வேண்டுமானால் வைட் போடு என்று சொல்வார்கள். ஒரே இடத்தில் நின்று லென்ஸை மட்டும் மாற்றினால் அது சரிதான். முகம் ஒரே அளவில் வரும்படி நகர்ந்து நின்றால் கதையே வேறு. இரண்டு லென்ஸிலும் துளையை f/2.8 அளவுக்குத் திறந்து வைத்திருந்தோம். ஃபோகஸில் நிற்கும் ஆழம் 24-இல் எவ்வளவு, 85-இல் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் இரண்டிலுமே சுமார் 10 செ.மீ. வருகிறது! மூக்கில் இருந்து காது வரை கூட முழுதாக வராது.

பின்னணியும் அப்படித்தான். காலண்டர் இருந்த இடத்தில் ஒவ்வொரு புள்ளியும் சுமார் 6 செ.மீ. அகலமுள்ள வட்டமாக இழுகுகிறது, 24-லும் அதே 6 செ.மீ., 85-லும் அதே 6 செ.மீ. அதாவது காலண்டரில் தேதி என்ன என்று இரண்டு ஷாட்டிலுமே படிக்க முடியாது. 85-இல் அந்தக் காலண்டரும் அதன் இழுகலும் சேர்ந்து 2.6 மடங்கு பெரிதாகத் தெரிகின்றன, அதனால் வெண்ணெய் தடவியது போல இருக்கிறது. 24-இல் அதே இழுகல் குட்டியாக இருப்பதால் கண் அதைத் தெளிவு என்று ஏமாந்துவிடுகிறது. நடைமுறையில் இதன் பொருள் என்னவென்றால், கிட்டே நின்று வைடில் குளோசப் எடுத்தால் பின்னணி எல்லாம் அடையாளம் தெரியும், அதே நேரம் நடிகர் குனிந்தால் ஃபோகஸும் போய்விடும். வைட் தானே, ஃபோகஸைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று ஃபோகஸ் பார்த்தவர் அசந்துவிட்டதில் எங்களுக்கு இரண்டு டேக் போனது. (போனில் மட்டும் இந்தக் கவலை குறைவு, அங்கே லென்ஸின் துளையே 3, 4 மில்லிமீட்டர்தான்.)

இன்னொரு உருச்சிதைவையும் இதோடு குழப்பிக்கொள்வார்கள். கல்யாண வீட்டு குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் பெரியப்பா மட்டும் பூசணிக்காய் மாதிரி அகலமாகிவிடுவார், நடுவில் நிற்கும் மாப்பிள்ளை சரியாக இருப்பார். இரண்டு பேரும் கேமராவில் இருந்து ஏறக்குறைய ஒரே தூரம்தான். இது தூரத்தால் வருவதல்ல, அகலமான பார்வையைத் தட்டையான செவ்வகத்தில் விரிப்பதால் வருவது, இதில் வைட் லென்ஸுக்கு நிஜமாகவே பங்கு உண்டு. 24 எம்எம் ஃப்ரேமின் இடது, வலது ஓரத்தில் ஒரு உருண்டையை வைத்தால் அது உயரத்தைவிட 25 சதவீதம் அகலமாகப் பதிவாகும், 85-இல் 2 சதவீதம். கண்டுபிடிப்பது சுலபம்: ஆளை ஃப்ரேமின் நடுவுக்குக் கொண்டுவந்தால் சிதைவு போய்விடுகிறதா? போனால் ஓரத்து இழுப்பு. நடுவில் வைத்தும் மூக்கு முன்னால் வருகிறதா? அப்படியானால் நீங்கள் கிட்டே நிற்கிறீர்கள். முதலாவதுக்கு மருந்து, முகத்தை ஓரத்தில் வைக்காமல் இருப்பது. இரண்டாவதுக்கு, பின்னால் நகர்வது.

கடைசியில் நாங்கள் என்ன செய்தோம் என்றால், அடுத்த வாரம் அதே வீட்டுக்குப் போய் இரண்டு பக்கமும் 50 எம்எம்மில் மறுபடி எடுத்தோம். அதற்கு முகத்தில் இருந்து சுமார் 1.2 மீட்டர் வேண்டும். சிலிண்டரைக் கழற்றிக் கொல்லையில் வைத்தால் அடுக்களைக்குள் அந்த இடம் கிடைத்தது, கேமராமேன் மட்டும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். அம்மாவையும் அதே 1.2 மீட்டரில் இருந்துதான் எடுத்தோம், கூடத்தில் எவ்வளவு இடம் இருந்தும். இதைத்தான் முதல் நாளே செய்திருக்கவேண்டும்: பேசும் இருவரை மாறி மாறிக் காட்டும்போது முதலில் நெருக்கடியான பக்கத்துக்கு லென்ஸையும் தூரத்தையும் முடிவு செய்துவிட்டு, தாராளமான பக்கத்தை அதற்கு ஏற்ப அமைப்பது. நாங்கள் தலைகீழாகச் செய்ததால்தான் அம்மா டீக்கடைத் தூரத்திலும் பையன் சட்டையைப் பிடிக்கும் தூரத்திலும் இருந்து பேசிக்கொண்டார்கள். ஒரு பக்கம் வைட், ஒரு பக்கம் டெலி என்று வேண்டுமென்றே வைக்கலாம், இருவரில் ஒருவர் பக்கம் நாம் உட்காரவேண்டும் என்றால். எங்கள் காட்சிக்கு அது தேவைப்படவில்லை.

புது ஷாட்டில் பையன் அதே 15 செ.மீ. குனிந்தான், முகம் 14 சதவீதம் வளர்ந்தது. பின்னணியில் கதவும் காலண்டரும் பீரோவில் பாதியும் இருந்தன, செருப்பு இல்லை. அதே நண்பனிடம் காட்டினேன். இந்தத் தடவை அவன் பையனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கத்தரிக்காய் முதல் ஷாட்டில் நறுக்கி முடிந்துவிட்டது, அடுத்த ஷாட்டில் மறுபடி முழுசாக இருக்கிறதே என்றான்.